முதல் சேவல்

போட்டிருந்த கோட்டுக்குள் சேவல் திமிறியது. பற்றிக் அதன் அலகை இறுக்கிப் பிடித்தபடி மாதா கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பூசை முடிந்து வருகிறவர்களில் ஒருவர் கண்டாலும் போதும், மனைவி செலீன் காதுக்குப் போய்விடும்.

கொட்டாஞ்சேனையில், துறைமுகக் கூலிகளின் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அதனடியில் மயிலம்மா தன் புருஷன் மாயாண்டியின் கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“வின்ச் பற்றிக்கண்ணனா? வேதக்காரவுக வழி தவறிட்டீங்களோ?”

“பகிடி விடாதை தங்கச்சி. மகன் றேமண்டுக்குக் காய்ச்சல் விடுகுதில்லை. ஆஸ்பத்திரியிலயும் கைவிரிச்சிட்டாங்கள். மாயாண்டிக்கு ஒரு சேவல் தாறன். பிள்ளையை விடச் சொல்லு.”

மாயாண்டி செத்தது துறைமுக ஜெட்டியில். வின்ச் எந்திரம் தூக்கிய அரிசி மூட்டைகள் மேலிருந்து விழுந்தபோது, கீழே நின்ற இருவரைத் தள்ளிவிட்டு அவன் நசுங்கினான். கயிறு அறுந்ததாகத் துரைமார் முடித்துவிட்டார்கள்.

ஆயுசு முடியாமல் போனவன் அடங்கவில்லை. அவனால் பிழைத்த சின்னான்மேல் இறங்கி, “எனக்கு இடம் குடுங்கடா” என்று கத்தினான். இரத்தம் விழுந்த இடத்தில் பிடிமண் எடுத்துவந்து புதைத்து, அதன்மேல் கல் நட்டார்கள். அன்றைய கயிற்றைக் கல்லில் சுற்றி, அவன் விரும்பிய சுருட்டும் சாராயமும் வைத்தார்கள். இப்போது அதைத் தொட்டுக் கும்பிடாமல் எந்தக் கூலியும் வேலைக்கு இறங்குவதில்லை.

பற்றிக் சேவலை வெளியே எடுத்தார். கண் கயிற்றில் பட்டது. ஒரு முடிச்சில்லை, பிசிறில்லை. அவர் பார்வையை மரத்துக்கு மாற்றினார்.

“இன்னும் ரெத்தப் பலி விழலண்ணே,” என்றாள் மயிலம்மா. “அது விழுற வரைக்கும் சாமி இல்ல, வெறும் ஆவி. அலைஞ்சுகிட்டே கிடக்கும். வீடு வீடா எட்டிப் பாக்கும்.”

“ஏன், கங்காணி ஒண்டும் தரேல்லையா?”

“சேவல் கொண்டாந்தாரு. சின்னானும் கொண்டாந்தான். ரெண்டையும் திருப்பி அனுப்பிட்டேன்.”

பற்றிக் சேவலை மார்போடு அணைத்துக்கொண்டார். “அப்ப என்ரை?”

“உங்களுத வாங்கிக்கிறேன்.”

அவருக்கு மூச்சு வந்தது. றேமண்ட் பிழைத்துவிடுவான். “பூசாரி எங்க? கெதியா அறுக்கச் சொல்லு. ஆக்கள் வரப்போகினம்.”

மயிலம்மா பூசாரியைக் கூப்பிடவில்லை. கல்லடியில் கிடந்த கத்தியை எடுத்து, பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினாள்.

“நானோ? நான் வேதக்காரன், தங்கச்சி!”

“எங்க ஊர் முறை இதுண்ணே. முதல் பலி, கொன்ன கையாலதான் விழணும்.”