தயங்காமல் தட்டுங்கள்

அது திங்கட்கிழமையா செவ்வாயா என்று அம்முவுக்கு இப்போது நிச்சயமில்லை. திருவொற்றியூர் எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடி அறைக்குள் வியர்த்து வழிந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பாரிஸிலிருந்து அண்ணன் ரவிக்குமார் கூப்பிட்டிருந்தான். கதவடியில் யாரோ பிரெஞ்சில் எழுதிய ஒரு சீட்டைச் செருகியிருந்தார்களாம். அவன் எழுத்தெழுத்தாகப் படிக்கப் படிக்க, அம்மு பொருள் சொன்னாள். எழுதியது கீழ்வீட்டு அம்மாள். சனிக்கிழமை இரவெல்லாம் சத்தம். இன்னொரு முறை என்றால் போலீஸ்.

அந்தக் கடைசிச் சொல் மட்டும் அவனுக்கே புரிந்திருந்தது. நான்காம் மாடியில் ஓர் அறை. ஒன்பது பேர். ஒருவனிடமும் அங்கே தங்குவதற்கான காகிதம் கிடையாது.

சனிக்கிழமைதான் காசிமேட்டில் அப்பா கோதண்டத்தின் உடலை எடுத்தார்கள். வர முடியாதவன் அங்கே பக்கெட்டைத் தட்டி, விடிய விடியச் சாவுக் கானா பாடியிருக்கிறான்.

"மன்னிப்பு கேட்டு ஒரு லெட்டர் சொல்லு அம்மு. சாவுன்னு போடாத. துக்கம் விசாரிக்க மேல ஏறிடும். வூட்டு விசேஷம்னு போடு."

கல்லூரியில் மார்க்குக்காக அவள் எடுத்த பிரெஞ்சு. முன்பின் பழகாதவருக்கு 'அன்புள்ள' ஆகாது, வெறும் 'மதாம்'. 'நீ'க்கு 'தூ', 'நீங்க'ளுக்கு 'வூ'.

"கெழவிய 'தூ'ன்னு துப்பிடாதடி."

அவன் சிரித்தான். அப்பா போன பிறகு அவள் கேட்ட முதல் சிரிப்பு.

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். கூடுகை என்பதற்கான 'ரெயூனியோன்' சொல்லில் 'ஈ'யின் தலைமேல் வலப்பக்கம் ஏறும் கோடு. சனிக்கிழமை இரவுச் சத்தத்துக்கு மன்னியுங்கள். குடும்பத்தார் கூடியிருந்தோம். இனி இப்படி நடக்காது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

தொந்தரவாக இருந்தால் தயங்காமல் எங்கள் கதவைத் தட்டுங்கள். பாடப்புத்தகத்தில் அண்டை வீட்டாருக்கான கடிதங்கள் அப்படித்தான் முடிந்தன.

"கடசியா இன்னாது அது?"

"மரியாதைக்குண்ணா. எழுதிக்கோ."

அந்த வரியின் 'ஏ'வின் தலையில் இடப்பக்கம் சாய்ந்த கோட்டைக்கூட அவன் பிசகாமல் போட்டானாம்.

வியாழக்கிழமை மாலை பாரிஸ் அறையின் கதவு தட்டப்பட்டது. அந்த வீட்டில் யாரும் கதவைத் தட்டி வருவதில்லை. போலீஸ் என்று ஒன்பது பேரும் பின் ஜன்னல் வழியாகத் தண்ணீர்க் குழாயைப் பிடித்து இறங்கினார்கள். மழை பெய்து குழாய் வழுக்கியது.

கதவுக்கு வெளியே அந்தக் கீழ்வீட்டு அம்மாள் ஒரு தட்டுடன் நின்றுகொண்டிருந்தாள். குடும்பம் என்று எழுதியிருந்ததால் குழந்தைகள் இருக்கும் என்று ஆப்பிள் கேக் செய்து வந்திருந்தாள்.

செய்தி சொன்ன, ரவிக்குமாரின் அறை நண்பன் சவரிநாதன் போனில் கேட்டான். "ரெண்டு வர்ஷமா ஏறி வராத கெழவி, அன்னிக்கி மட்டும் ஏன் வந்து தட்டுச்சு?"

தெரியவில்லை என்றாள் அம்மு.

ரவிக்குமாரின் உடல் இருபத்தாறு நாள் கழித்து வந்தது. மற்ற எட்டுப் பேர் வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறினார்கள். அம்மா கோவிந்தம்மா மீன் விற்கப் போவதை நிறுத்திவிட்டாள். அம்மு அந்த வருடம் பிரெஞ்சில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தாள்.