அரைக்கட்டை

"நிறுத்து! எவனோ கீபோர்டுல ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தித் தொலைச்சிருக்கான்" என்று கத்தினார் சுப்ரமணியன்.

செம்பூரில் மெல்லிசை ட்ரூப்பின் ஒத்திகை நின்றது. கீபோர்டு வாசிக்கும் இசக்கிராஜ் திரையைத் திருப்பிக் காட்டினான். சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பூஜ்ஜியத்தில்தான் இருந்தது.

"அப்போ இந்தப் பொண்ணு. அஞ்சு கட்டைப் பாட்டை அஞ்சரையில பாடறா. சீத்தா கேம்ப் குடிசையிலேர்ந்து வந்துட்டா, மைக் பிடிக்க. காது டாக்டர்கிட்ட வேலை பாக்கறாளாம், சொந்தக் காதை ஒருநாள் காட்டிக்கக் கூடாதோ?"

மைக்கைப் பிடித்திருந்த ஷைஸ்தாவின் முகம் சுண்டிப் போனது. பொங்கல் கச்சேரியில் முதல் பாடகி அவளா இல்லையா என்று அன்றைக்குத்தான் முடிவாக வேண்டும். முடிவு செய்கிற காது சுப்ரமணியனுடையது.

அந்தக் காதைப் பற்றி அவர் குடியிருக்கும் மாட்டுங்காவில் கேட்காத ஆள் இல்லை, கேட்காதவர்களை அவரே தேடிப் போய்ச் சொல்லிவிடுவார். நாலு வயதில் அப்பாவின் ஹார்மோனியத்தில் உட்கார்ந்தவர், ட்ரூப்பிலும் அதையேதான் வாசிக்கிறார். சுருதிப்பெட்டி இல்லாமல், பக்கத்தில் வேறு ஸ்வரம் கேட்காமல், எந்த ஒலியைக் கேட்டாலும் ஹார்மோனியத்தில் இன்ன கட்டை என்று சொல்வாராம். கொஞ்ச காலமாக எதுவும் அவருக்குச் சரியில்லை. கோயில் நாதஸ்வரம் ஏறிவிட்டது, வீட்டுக் காலிங் பெல் ஏறிவிட்டது என்று ஊரையே திட்டிக்கொண்டு திரிந்தார்.

இசக்கிராஜ் மொபைலில் சுருதி காட்டும் ட்யூனரைத் திறந்து, பாட்டின் ஆதார ஸ்வரத்தை அழுத்தினான். "அண்ணாச்சி, கரெக்டா அஞ்சுன்னுதான் காட்டுது."

"மெஷினை நம்புவியா, என் காதை நம்புவியா? நீயும்தான் இதே மாதிரி பெர்ஃபெக்ட் பிட்ச் கத்துக்கறேன்னு ஆப்புக்குக் காசு கட்டினே. என்ன ஆச்சு?"

"ஆறு மாசம் தலைகீழா நின்னேன். ரெண்டே ரெண்டு கட்டை பிடிபட்டுச்சு. ஊருக்குப் போயிட்டு வந்தா அதுவும் மறந்து போச்சு."

"மறக்காம? பால் பல் விழறதுக்கு முன்னாடி வரணும்டா அது. அப்பவும் எல்லாருக்கும் வராது. மீசை முளைச்சப்புறம் கடையில வாங்க முடியாது."

"வராட்டி போவுது. ஸ எங்க வெச்சாலும், அதுலேர்ந்து ப எவ்வளவு தூரம்னு எனக்குத் தெரியும். அது போதும், பாட்டுக்கு. ஒங்களுக்குப் பாட்டை அரைக்கட்டை எறக்குனா வாசிக்கவே கை வராதே!"

ட்ரூப் முதலாளி ஜம்புவுக்குப் பொறுமை போய்விட்டது. வருகிற பாடகிகளையெல்லாம் இந்த மனிதர் விரட்டிக்கொண்டே இருந்தால் கச்சேரியில் அவரேதான் சேலை கட்டிக்கொண்டு பாட வேண்டும்.

"பஸ், பஸ், போதும். இப்பவே டெஸ்ட் வெச்சுப் பார்த்திடலாம். சார், அந்தப் பக்கம் திரும்புங்க. இசக்கி, ஒரு கட்டை அடி. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நான் ஏதாவது பேசுறேன். முந்தின ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டு அளந்து சொல்லக் கூடாது பாரு."

சுப்ரமணியன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். குழந்தைகளோடு விளையாட உட்காருகிற பெரிய மனுஷன் தோரணை அது.

இசக்கிராஜ் மூணாம் கட்டையை அழுத்தினான். அவன் விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. "நாலு."

தபலாக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். ஜம்பு தாராவி ட்ராஃபிக்கைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். அடுத்து ஆறு.

"ஆறரை."

ஏழை அடித்தான். "மேல் ஸ்தாயி ஒண்ணு." ரெண்டு அடித்தான். "ரெண்டரை." முனகிப் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை, அடித்த அடிக்குப் பதில். தொடர்ந்து அடித்த எல்லாமே தப்பு.

ஹாலில் சிரிப்பு வெடித்தது. இத்தனை வருஷம் அவரிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் வஞ்சனையில்லாமல் சிரித்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"ஒண்ணுகூடத் தேறலயே சார்! இந்தக் காதை வெச்சுக்கிட்டா இவ்வளவு காலம் எங்களை ஓட்டுனீங்க? ஏக்தம் ஃப்ராடு, சுத்தப் பொய்" என்றார் ஜம்பு. "ஷைஸ்தா, பொங்கலுக்கு நீதான் பாடுறே. சார், நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்."

சுப்ரமணியன் திரும்பினார். கீபோர்டையே வெறித்துப் பார்த்தார். "நான் பொய் சொல்லலைடா" என்றார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஷைஸ்தா மைக்கை ஸ்டாண்டில் மாட்டினாள். இந்த மனுஷனுக்காகப் பேச அவளுக்குத் துளியும் விருப்பம் இல்லை. அதை மறைக்கவும் இல்லை.

"ஒங்க வாய்க்கு இது வேணும் சார். ஆனா ஒங்க வயசென்ன?"

"அம்பத்தெட்டு. எதுக்கு?"

"ஜம்பு அண்ணே, மூணுக்கு நாலு, ஆறுக்கு ஆறரை, ஏழுக்கு மேல் ஒண்ணு. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல மூணரைன்னு கறுப்புக் கட்டை கிடையாது. ஏழுக்கும் மேல் ஒண்ணுக்கும் நடுவுலயும் கிடையாது. எல்லாமே ஒரே மாதிரி அடுத்த கட்டைதான், சரியா அரைக்கட்டை ஏத்தம். வயசாவ வயசாவ உள்காது மாறிப் போவுது, சுருதி ஏறுன மாதிரி கேக்கும்னு எங்க டாக்டர் சொல்லியிருக்காரு. இந்த மாதிரிக் காது உள்ளவங்கதான் அதைக் கண்டுபிடிப்பாங்க. நமக்கெல்லாம் எந்தக் கட்டைன்னே தெரியாதே, ஏறினா எங்க தெரியப் போவுது?"

சிரிப்பு நின்றது. இசக்கிராஜ் மூணாம் கட்டையை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தான்.

"அப்படின்னா இந்த ஆளுக்கு நெசமாவே அந்தக் காது இருக்குங்கிறியா?" என்றார் ஜம்பு.

"போலியா இருந்தா, குருட்டாம்போக்குல ஒண்ணாவது சரியா வந்திருக்கும்ணே."