பதினாலாம் நம்பர் வீடு

"ஆறாம் நம்பர் வீட்டுல கால வெச்சா குடும்பம் வெளங்காது" என்று சொல்லிவிட்டு, ஆழ்வார்பேட்டை ஃப்ளாட்டின் வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டாள் சுந்தரவல்லி. கதவில் 33 என்று இருந்தது. மூணும் மூணும் ஆறு.

மருமகள் காவேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி ஒரு மாதம்தான். அதற்குள் அசோக் நகரில் மாமியாரின் சொந்த வீட்டில் ஃப்ரிட்ஜுக்குக்கூடப் பூட்டு. தனிக்குடித்தனம் வைக்கிறேன் என்று சொல்லித்தான் டில்லிபாபு தாலியே கட்டினான். "வெச்சுக்கோ, நானும் கூட வரேன்" என்று கிளம்பிவிட்டாள் மகராசி.

சாயங்காலம் மூவரும் தி.நகரில் எண்கணிதம் பார்க்கும் அய்யாதுரை முன்னால் உட்கார்ந்தார்கள்.

"தெருவுல போட்ட நம்பர் வேணாம். நீங்க குடியிருக்கற கதவுல இருக்கறதைத்தான் கூட்டணும்" என்றார் அவர். "தம்பி பொறந்தது இருபத்துநாலாந்தேதி. ரெண்டும் நாலும் ஆறு, சுக்கிரன். பாப்பா அஞ்சு, புதன். ரெண்டு பேருக்கும் ஆறு அமோகம். புதுசாக் கல்யாணமானவங்களுக்கு அதுக்கு மேல நம்பர் கெடையாது."

"எனக்கு?"

"நீங்க பன்னெண்டு. கூட்டினா மூணு, குரு. குருவுக்கும் சுக்கிரனுக்கும் ஜென்மப் பகை. ஆறு வீட்டுல நீங்க தங்கினா படுக்கையில போட்டுடும்."

"கேட்டுக்கினியாடா?" சுந்தரவல்லி மகனைப் பார்த்தாள். "என்னைப் படுக்க வெக்கத்தான் இவ அந்த வீட்டைப் புடிச்சிருக்கா."

"அப்ப அஞ்சு பாருங்க. அது எல்லாருக்கும் ஒத்துப்போகும்" என்றார் அய்யாதுரை.

காவேரி மெல்லக் கேட்டாள். "நம்பர் சரியில்லன்னா என்ன சார் பண்ணுவாங்க?"

"பக்கத்துல ஒரு இங்கிலீஷ் எழுத்து ஒட்டிக்குவாங்க. ஏ-க்கு ஒண்ணு, பி-க்கு ரெண்டு. அதையும் சேத்துக் கூட்டணும்."

"கேள்விக்கு மட்டும் கொறைச்சலில்ல" என்று எழுந்துவிட்டாள் மாமியார்.

அடையாறில் 14 கிடைத்தது. ஒண்ணும் நாலும் அஞ்சு. சுந்தரவல்லியே முன்னால் நின்று பேசி முடித்தாள். பெரிய பெட்ரூம் தனக்குத்தான் என்றும் சொல்லிவிட்டாள். "சரிங்க அத்தை" என்றாள் காவேரி.

வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்சினார்கள். சாமான் எடுத்துவர அசோக் நகர் போன சுந்தரவல்லி, பொழுது சாய ரெண்டு பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

கதவுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். 14-க்குப் பக்கத்தில் புத்தம்புதுசாக ஒரு பித்தளை எழுத்து, ஏ. விரல் விட்டுக் கூட்டினாள். அஞ்சும் ஒண்ணும் ஆறு.

"பாபு, இன்னாடா இது? பேத்துப் போடுடா."

"எனக்கும் அவளுக்கும் அதானேம்மா அமோகம்னாரு? நாங்க நல்லா இருக்க வேணாமா?"

சுந்தரவல்லியின் கை அந்தப் பித்தளை எழுத்துவரை போய்த் திரும்பியது. கால் மட்டும் வாசல்படியைத் தாண்டவே இல்லை.

காவேரி கதவை அகலத் திறந்துவிட்டுச் சிரித்தாள்.

"உள்ள வாங்க, அத்தை."