அடிபிடித்த பால்

தலையில் ஷாம்பு நுரையோடு குளியலறையிலிருந்து பாய்ந்து வந்து அடுப்பை அணைத்தேன்.

பால் பொங்கி, வற்றி, அடியில் கருகிக்கொண்டிருந்தது. வீடு முழுக்க அந்த நாற்றம். கதவு சாத்திக் குளித்துக்கொண்டிருந்த எனக்கே மூக்கைத் துளைத்தது.

அடுப்புக்குக் கைக்கெட்டும் தூரத்தில் லிஃப்ட் அண்ணன் உட்கார்ந்திருந்தார். காதில் ஹெட்போன். கண் மொபைலில். கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இந்த வீட்டின் பாதி வாடகை அவருடையது, பாதி என்னுடையது.

சமையல் மட்டும் முழுசாக என்னுடையது.

ஹெட்போனைப் பிடுங்கினேன். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"என்னடா, தீப்பிடிச்ச மாதிரி ஓடி வர்ற?"

"தீதான் பிடிக்கலை, மத்ததெல்லாம் பிடிச்சாச்சு! பாலைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுத்தானே குளிக்கப் போனேன்?"

அவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஒரு பாலுக்கு இவ்வளவு பயமா என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தோன்றவில்லை. பல மாதமாக விழுங்கி வைத்திருந்தது அந்த நேரம் பார்த்து வாய்க்கு வந்துவிட்டது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் நானே சமைக்கிறது எனக்கு முடியலை."

சொல்லிவிட்டேன். நுரை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கப் பயந்து அப்படியே நின்றேன். கோபித்துக்கொண்டு இவர் கிளம்பிவிட்டால்? இப்படியொரு மனிதர் அடுத்துக் கிடைப்பாரா?

பாத்திரம் கழுவுவார், அதில் குறை சொல்ல முடியாது. குப்பையும் அவர்தான் இறக்குவார். ஆனால் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வரும்போது, படியேறுகிற ஒவ்வொரு படியிலும் "இன்னிக்கு என்ன சமைக்கிறது" என்று யோசிப்பவன் நான் ஒருவன்தான். கிண்டுவதைவிட அந்த யோசனைதான் ஆளைத் தின்றது.

அதையும் சொன்னேன். கையோடு வழியையும் சொன்னேன்.

"காலையில ரொட்டி, மதியம் வேலை செய்யற இடத்துல. ராத்திரிச் சாப்பாடு மட்டும்தான் விஷயம். ஒரு நாள் நான், ஒரு நாள் நீங்க. ஞாயித்துக்கிழமை அடுப்புக்கு லீவு. சமைக்கிறவர் காய் வாங்கணும், என்னன்னு அவரே முடிவு பண்ணணும். மத்தவர் அன்னிக்கே பாத்திரம் கழுவணும். எங்கயாவது லிஃப்ட் மாட்டிக்கிச்சுன்னா மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க, மாத்திக்கலாம். வெறும் சோறும் முட்டையும் போட்டாக்கூட நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அவர் கருகிய பாத்திரத்தைக் கையில் எடுத்து, மூக்கருகே கொண்டுபோனார். நீளமாக ஒரு மூச்சு இழுத்தார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"இது நாறுதா, தம்பி?"

எனக்கு விளங்கவே இல்லை.

"பைக்ல இருந்து விழுந்தேன்னு சொன்னேன்ல? பின்மண்டையில அடி. அன்னியோட மோப்பம் போச்சு. நாக்குக்கு உப்பு, காரம், புளிப்பு தெரியும். மத்தபடி எதைத் தின்னாலும் ஈர அட்டையை மெல்லுற மாதிரிதான்."

நுரையைத் துடைத்தேன்.

"முன்னாடி இருந்த ரூம்ல கேஸ் கசிஞ்சிருக்கு. நான் அடுப்புப் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன், தெரியலை. அதைப் பார்த்த பசங்க மறுநாளே என் பெட்டியை வாசல்ல வெச்சிட்டாங்க. உன்கிட்டச் சொன்னா நீயும் வைப்பேன்னுதான் சமைக்கிறேன்னு அடுப்பைத் தொடாமலே இருந்தேன்."

கேஸ் குமிழ் மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை திருகிப் பார்த்தேன்.

"கரண்ட் அடுப்பு ஒண்ணு வாங்கிடலாம்ணே," என்றேன். "கேஸ் அடுப்பை நான் மட்டும் பார்த்துக்கறேன். உங்க முறையன்னிக்குப் பொருள் கெட்டுப் போச்சான்னு மோந்து பார்க்கறது மட்டும் என் வேலை. மிச்சத்தைக் காதால செய்யுங்க. எட்டாவது மாடி மோட்டார் முனகுறது கீழே நின்னாலே கேக்குது உங்களுக்கு. எண்ணெய் சத்தம் கேக்காதா?"

"ஹெட்போனைக் கழட்டினா கேக்கும்," என்றார்.

சிரித்துவிட்டோம். நெஞ்சில் உட்கார்ந்திருந்த குக்கர் வெயிட்டை யாரோ தூக்கிவிட்ட மாதிரி இருந்தது. அவர் தோளும் இறங்கியிருந்தது. "நாளைக்கு என் முறை. சோறும் முட்டையும்தான், வாயைத் திறக்கக் கூடாது," என்று விரலை ஆட்டினார்.

பாதி குளியலுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. வாசலிலேயே நின்றேன்.

தினமும் முதல் வாய் முடிந்ததும் "பிரமாதம்டா" என்பாரே, அது?

சும்மா சொன்னதென்றும் நினைக்க முடியவில்லை. கவனம் தப்பிக் காய் கருகிப்போன அன்றைக்கு மட்டும் "இன்னிக்குச் சுமார்தான்" என்று சரியாகப் பிடித்தாரே!

"அண்ணே, அப்போ என் சமையல் நல்லாருக்கா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்திருந்தவர் திரும்பாமலே சொன்னார்.

"முதல் வாய் நீ சாப்பிடுற வரைக்கும் காத்திருப்பேன். அப்புறம் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன்."